தடையில்லாச் சான்றைக் கையொப்பத்துக்கு அனுப்பும் முன் பிழை பார்ப்பது எப்படி?

சென்ற முறை நானே எழுதி, நானே சரிபார்த்து, மேலாளரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்த ஒரு தடையில்லாச் சான்று திரும்பி வந்துவிட்டது. அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். கடிதத்தை எழுதுவது எப்படி என்பதை விளக்கப்போவதில்லை. வரைவு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

பணியில் இருந்துகொண்டே மாலை நேர முதுநிலைப் படிப்பில் சேர விரும்பிய ஒருவருக்காக எழுதிய கடிதம் அது. திரும்பி வந்த வாசகம் இதுதான்:

> பெறுநர்: உரியவருக்கு
> பொருள்: தடையில்லாச் சான்று வழங்குதல் – தொடர்பாக.
> எமது நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரியும் திரு. ____ அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மேற்கொள்வதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. இக்கடிதம் 3 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். அவருக்குத் தேவையான அனைத்து உதவிகளையும் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

படி 1: தாளில் எடுத்துப் படியுங்கள்

திரையில் பிழை பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிரதி எடுத்து, பென்சிலால் நான்கு இடங்களை மட்டும் வட்டமிடுங்கள்: பெறுநர், ஆட்சேபணை இல்லை என்று சொல்லும் வாக்கியம், காலம், முடிவு. பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தால், கணினியில் `Ctrl+F` அழுத்திப் பழைய பெயரையும் பழைய ஆண்டையும் ஒருமுறை தேடிவிடுங்கள். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் அவற்றைப் பிழையாகக் காட்டாது.

படி 2: பெறுநர்

யாரிடம் போய்ச் சேரும் என்று தெரியாத கடிதத்துக்கும், பல இடங்களில் காட்ட வேண்டிய கடிதத்துக்கும் 'உரியவருக்கு' என்பது பொருந்தும். இங்கே போய்ச் சேரும் இடம் ஒன்றே என்பதால், விண்ணப்பக் குறிப்பில் கேட்டிருக்கும் பதவியையும் அலுவலகத்தின் முழுப்பெயரையும் எழுத்து மாறாமல் எடுத்து எழுதுவதே சரி. பதவியில் இருப்பவரின் பெயரைச் சேர்ப்பதை நான் தவிர்க்கிறேன், ஏனெனில் அவர் மாறிவிட்டால் கடிதம் பழையதுபோல் தெரியும்.

மேலே உள்ள வரைவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெறுநர் 'உரியவருக்கு' என்று இருக்க, உள்ளே 'தங்கள் பல்கலைக்கழகத்தில்' என்று வருகிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. பெறுநரை மாற்றும்போதெல்லாம் 'தங்கள்', 'தாங்கள்' ஆகிய சொற்களைத் தேடி, அவை இப்போது யாரைக் குறிக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

படி 3: நோக்கம்

'மேற்படிப்பு மேற்கொள்வதில்' என்பது மிக அகலமானது. முழுநேரப் படிப்பும் அதில் அடங்கும், வேறு ஊருக்குச் சென்று படிப்பதும் அடங்கும். யார், எதை, எங்கே, எந்த நேரத்தில் செய்வதற்கு ஆட்சேபணை இல்லை என்ற நான்குக்கும் அந்த ஒரே வாக்கியத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். 'எங்களுக்கு' என்பதையும் 'எமது நிறுவனத்துக்கு' என்று மாற்றுவது நல்லது, ஏனெனில் ஆட்சேபணை இல்லாதது கையொப்பமிடும் தனிநபருக்கா, நிறுவனத்துக்கா என்ற ஐயம் அப்போது எழாது.

பொருள் வரியையும் விட்டுவிடாதீர்கள். 'தடையில்லாச் சான்று' என்று மட்டும் இருந்தால் எதற்கான சான்று என்று கோப்பைப் புரட்டுபவருக்குத் தெரியாது. 'பகுதிநேர முதுநிலைப் படிப்பில் சேர்வதற்கான தடையில்லாச் சான்று' என்று இருக்கட்டும்.

படி 4: காலம் (நான் தடுக்கி விழுந்த இடம்)

'இக்கடிதம் 3 மாதங்களுக்குச் செல்லுபடியாகும்' என்று நான் எழுதியபோது, மூன்று மாதத்துக்குள் இதைச் சமர்ப்பித்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். படித்தவரோ, நிறுவனத்தின் இசைவே மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு மூன்று மாத இசைவை வைத்து என்ன செய்வது? அவர் கேட்டதில் தவறில்லை. என் வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்திருந்தது.

கடிதத்தைப் பயன்படுத்தக்கூடிய காலம் வேறு, அதில் சொல்லப்பட்ட இசைவு நீடிக்கும் காலம் வேறு. இரண்டையும் இரண்டு வாக்கியங்களாகப் பிரித்துவிட வேண்டும்.

அதோடு, மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வரைவில் நான் இட்ட தேதி 5 ஜூன் 2024. கையொப்பம் கிடைத்தது 14 ஜூன். அதனால் 'இன்று முதல் இத்தனை மாதம்' என்ற தொடரை இப்போது நான் எழுதுவதே இல்லை, முடியும் நாளையே நேரடியாகக் குறிக்கிறேன். 05/06/2024 என்று எண்களாக மட்டும் எழுதினால் சில நாடுகளில் அதை மே 6 என்று படிப்பார்கள், ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். '31 ஜூலை வரை' என்பதில் அந்த நாள் சேருமா என்ற கேள்வி எழக்கூடிய இடங்களில் 'அந்நாள் உட்பட' என்று சேர்த்துவிட்டால் போதும்.

படி 5: முடிவு வாசகம்

மரியாதைக்காகச் சேர்க்கும் கடைசி வரிதான் பல கடிதங்களின் பொருளை மாற்றுகிறது. 'அனைத்து உதவிகளையும் செய்து தருமாறு' என்பது தடையில்லாச் சான்றைப் பரிந்துரைக் கடிதமாக்கிவிடுகிறது. 'அவருக்கு நாங்கள் முழுப் பொறுப்பு' என்பதோ, கட்டணத்துக்கும் நிறுவனம் பிணை நிற்பதாகப் படிக்க இடம் தருகிறது. 'நிறுவன விதிகளுக்கு உட்பட்டு' என்று இறுதியில் ஒட்டவைத்தால், இசைவு கொடுத்தாகிவிட்டதா, இனிமேல்தான் கொடுக்கப்போகிறார்களா என்று படிப்பவர் குழம்புவார். நிபந்தனை ஏதேனும் இருந்தால் அது நோக்கத்துக்கு அடுத்த வாக்கியத்தில், இன்னது என்று தெளிவாக வர வேண்டும்.

திருத்திய பின் கடிதத்தின் உடல் இப்படி அமைந்தது:

> எமது நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரியும் திரு. ____ அவர்கள், தங்கள் பல்கலைக்கழகத்தின் மாலை நேர முதுநிலை வணிகவியல் படிப்பில் சேர்ந்து பயில்வதில் எமது நிறுவனத்துக்கு ஆட்சேபணை இல்லை. வகுப்புகள் அவரது அலுவலக நேரத்துக்கு வெளியே நடைபெற வேண்டும். இந்த இசைவு 1 ஆகஸ்ட் 2024 முதல் 31 ஜூலை 2026 வரை பொருந்தும். சேர்க்கைக்காக இக்கடிதத்தை 30 செப்டம்பர் 2024க்குள் சமர்ப்பிக்கலாம். பணியாளரின் வேண்டுகோளின்பேரில், மேற்கூறிய நோக்கத்துக்காக மட்டும் இக்கடிதம் வழங்கப்படுகிறது.

பெறுநர் பகுதியில் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் வந்துவிட்டதால் இதில் 'தங்கள்' நிற்கலாம். இதன் கீழே கையொப்பம், பெயர், பதவி, நிறுவன முத்திரை. மறுமுறை கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை 1: படிப்பு நீண்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். 'படிப்பு முடியும் வரை' என்று எழுதலாம், ஆனால் தேர்வில் தவறி மீண்டும் எழுதும் காலமும் அதில் அடங்குமா என்ற தகராறு வரும். முடியும் நாளைக் குறித்துவிட்டு, தேவைப்பட்டால் புதிய கடிதம் வாங்குவதையே நான் விரும்புவேன்.

பின்சேர்க்கை 2: கையொப்பமான பிறகு தேதியில் பிழை கண்டு, பேனாவால் திருத்திக் கொடுத்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். அவரது கடிதத்தை ஏற்கவில்லையாம். கையொப்பமிட்டவரே திருத்தத்தின் அருகில் சுருக்கொப்பம் இட்டால் சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். பெறுநர், காலம் ஆகிய இரண்டில் பிழை என்றால் புதிதாக அச்சிட்டு மறுபடி கையொப்பம் வாங்கிவிடுங்கள்.