பிள்ளையின் படிப்புக்கு வெளிநாட்டுக்குப் பணம்: வங்கி கேட்கும் வரிக் காகிதங்களில் செய்யக்கூடாத தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே கதைதான். "சார், பையனுக்கு ஃபீஸ் கட்டணும், பேங்க்ல ஐடிஆர் கேக்கறாங்க, என்னமோ டிசிஎஸ் பிடிப்பாங்களாம்" என்று அரக்கப்பரக்க ஓடி வருவார்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் மிச்சமிருக்கும். பெயரில் எழுத்துப்பிழை, ஸ்விஃப்ட் கோடு தப்பு என்பதையெல்லாம் வங்கிக்காரர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத தவறுகள்தான் இங்கே.

முதலில் அடிப்படை. இந்தியாவில் வசிப்பவர், தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண் கட்டாயம். ஒரு பான் எண்ணில் அந்த ஆண்டு போகும் மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டியதற்கு வங்கி டிசிஎஸ் வசூலிக்கும். அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரிதான் இந்த டிசிஎஸ். 2025-26 நிதியாண்டின் விகிதப்படி, சொந்தப் பணத்தில் படிப்புக்கு என்றால் 5 சதவீதம். கல்விக்கடன் பணம் என்றால் ஒன்றும் கிடையாது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். நீங்கள் அனுப்பும் ஆண்டின் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள கணக்கும், பிரிவு, விதி, படிவ எண்களும் 2025-26க்கு உரியவை.

கல்விக்கடன் பணத்தைச் சொந்தப் பணமாக்கி அனுப்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், சம்பளக்காரர். மகளின் முதல் தவணைக்கு 22 லட்சம் ரூபாய் கல்விக்கடன் தயாராக இருந்தது. கடன் கொடுத்த வங்கியே நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும். ஆனால் மனைவி கணக்கு வைத்திருக்கும் இன்னொரு வங்கியில் டாலருக்கு 40 காசு குறைவு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே கடன் தொகையை மனைவியின் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லி, அங்கிருந்து அனுப்பக் கொடுத்துவிட்டார்.

டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 22 லட்சம் என்பது 25,000 டாலர். 40 காசு வீதம் மிச்சம் 10,000 ரூபாய். சரி. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அந்த இரண்டாவது வங்கிக்குத் தெரிந்ததெல்லாம் சேமிப்புக் கணக்கில் இருக்கும் 22 லட்சம் மட்டும்தான். அது கடன் என்று யாரும் சொல்லவில்லை, காகிதமும் கொடுக்கவில்லை. 10 லட்சம் போக மீதி 12 லட்சத்துக்கு 5 சதவீதம், 60,000 ரூபாய் டிசிஎஸ். அதுவும் அனுப்பும் தொகைக்கு மேல் தனியாகப் பிடிப்பது. கணக்கில் இருந்ததோ 22 லட்சமும் சில்லறையும். பணம் போகவில்லை, கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அவசரத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.

சட்டம் பார்ப்பது பணம் எந்தக் கணக்கிலிருந்து கிளம்புகிறது என்பதை அல்ல. வரிச் சட்டத்தின் 80இ பிரிவு சொல்லும் நிதி நிறுவனம் ஒன்றிடம் படிப்புக்காக வாங்கிய கடனா என்பதைத்தான் பார்க்கிறது. ஆனால் கவுண்டரில் அதை நிரூபிக்க வேண்டியது நாம். கடன் பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் போக வேண்டிய நிலை என்றால் மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: சாங்ஷன் லெட்டர், பணம் விடுவித்ததற்கான கடிதம், கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட். ஸ்டேட்மென்டில் வெளியேறிய தொகை எந்தத் தேதியில் உங்கள் கணக்கில் வரவானது என்பது நேருக்கு நேர் தெரிய வேண்டும். நடுவில் வேறு பணத்தோடு கலக்காதீர்கள், பாதியை எஃப்டியில் போடாதீர்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தோடு தரும் உறுதிமொழியில் "கல்விக்கடன்" என்று குறிப்பிடுங்கள். அந்த வங்கி இதை ஏற்குமா என்பதைக் கடன் பணம் கைக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்கமாட்டோம் என்றால் 40 காசை மறந்துவிட்டு, கடன் கொடுத்த வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

பிடித்த பிறகு வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தப் பணம் அரசுக்குப் போய்விடும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும்.

யார் பான் எண்ணில் போகிறது என்று பார்க்காதது

மேலே சொன்ன கதையின் இரண்டாம் பாகம் இது. அந்த 60,000 ரூபாய் மனைவியின் பான் எண்ணில் ஏறியது. அவருக்குக் கொஞ்சம் எஃப்டி வட்டியைத் தவிர வருமானம் இல்லை, ஐடிஆர் போட்டதே இல்லை. ஆகஸ்ட் 2025இல் பிடித்த பணத்துக்காக, 2026இல் அவர் பெயரில் முதன்முறையாகக் கணக்கு தாக்கல் செய்து, ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

கணவரின் பான் எண்ணில் பிடித்திருந்தால் கதையே வேறு. சம்பளக்காரர் 12பிஏஏ படிவத்தில் டிசிஎஸ் விவரத்தை நிறுவனத்தில் கொடுத்தால், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் அதைக் கழித்துக்கொள்வார்கள். இந்தப் படிவம் 2024 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனாலும் பல அலுவலகங்களில் கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அப்பா 10 லட்சம், அம்மா 10 லட்சம் என்று அவரவர் பெயரில் பிரித்து அனுப்புவது சட்டப்படி சரிதான். வரம்பு ஆளுக்கு ஆள் தனி. வரம்புக்குள் நிற்கும்வரை ஐடிஆர் போடாதவருக்கும் சிக்கல் இல்லை. தாண்டப்போகிறது என்றால், தாண்டுவது வரி கட்டுகிறவர் பெயரில் தாண்டட்டும். பையன் பெயரில் கணக்கு இருக்கிறதே என்று அதிலிருந்து அனுப்பினால், 18 வயது ஆனவனின் டிசிஎஸ்ஸை அப்பா தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

மாதச் செலவுப் பணத்துக்குத் தப்பான கோடு

எதற்காக அனுப்புகிறோம் என்பதைச் சொல்லும் கோடாக, ஃபீஸ் அனுப்பும்போது கல்விக்குரிய S0305 என்று சரியாகப் போடுகிறவர்கள், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அனுப்பும்போது "குடும்பப் பராமரிப்பு" என்று S1301ஐ டிக் செய்துவிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு விகிதம் 20 சதவீதம். படிக்கப் போனவரின் அன்றாடச் செலவும் விமான டிக்கெட்டும் கல்விச் செலவுதான் என்று வருமான வரித் துறை 2023ஆம் ஆண்டின் 10ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே 12 லட்சம் ஃபீஸ் போயிருந்து, இப்போது 6 லட்சம் செலவுக்கு என்றால், கல்வி என்று போனால் டிசிஎஸ் 30,000 ரூபாய். பராமரிப்பு என்று போனால் 1,20,000 ரூபாய். ஆன்லைனில் அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கேள்வி கேட்க ஆளில்லை. சேர்க்கைக் கடிதத்தின் நகலை ஒவ்வொரு முறையும் இணையுங்கள்.

வேறு வங்கியில் அனுப்பியதை மறைப்பது

வரம்பு எல்லா வங்கிகளுக்கும் சேர்த்துத்தான். உறுதிமொழியில் கையெழுத்து உங்களுடையது.

பான், ஆதார் இணைக்காமல் போவது

கல்விக்கான டிசிஎஸ் இரட்டிப்பாகும். இணைத்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

கேட்டவுடனே 15சிஏ, 15சிபிக்கு ஓடுவது

15சிஏ என்பது வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான வரி அறிவிப்பு, 15சிபி அதற்கு ஆடிட்டர் தரும் சான்று. சில கிளைகளில் இவற்றைப் பழக்கதோஷத்தில் கேட்பார்கள். எல்ஆர்எஸ் வழியாக, ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி தேவைப்படாமல் தனிநபர் அனுப்பும் பணத்துக்கு வருமான வரி விதிகளின் 37பிபி விதியே விலக்கு தருகிறது. விதியின் பெயரைச் சொல்லி, கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். 15சிபிக்கு ஆடிட்டர் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எங்கள் தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா, வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஃபீஸ் கட்டுகிறார் என்றால் அது எல்ஆர்எஸ்ஸே இல்லை. அவரிடம் வங்கி அந்தப் படிவங்களைக் கேட்பது வழக்கம்.

புது வங்கிக்கு வெறுங்கையோடு போவது

புது வாடிக்கையாளர் என்றால் முந்தைய ஓராண்டு ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் கடைசியாகத் தாக்கல் செய்த ஐடிஆர். தாக்கல் செய்துவிட்டு இ-வெரிஃபை செய்யாமல் விட்ட ஐடிஆர் நகலை நீட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது. கணக்கில் திடீரென்று பெரிய வரவு இருந்தால், நிலம் விற்றதோ பிஎஃப் எடுத்ததோ, அதற்கான பத்திர நகலையோ பட்டுவாடாக் கடிதத்தையோ கேட்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள். பணம் போனபின், உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸை மறக்காமல் பாருங்கள். வங்கி தன் டிசிஎஸ் விவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்யும், அதனால் உடனே தெரியாது. அந்தக் காலாண்டு முடிந்து இரண்டு மாதமாகியும் வரவில்லை என்றால், பான் எண்ணைத் தப்பாகப் போட்டார்களா என்று கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள்.