தெர்மல் ஷிஃப்ட்ல Tm நகர்ந்தா உடனே லிகண்ட் ஒட்டிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க

தெர்மல் ஷிஃப்ட் அசேங்கறது, லிகண்ட், அதாவது புரோட்டீன்ல போய் ஒட்டுற ஒரு மூலக்கூறு, நிஜமா ஒட்டுதான்னு புரோட்டீன் உருகுற வெப்பநிலையான Tm நகர்றத வெச்சு பாக்குற சோதனை. இதுல செய்யறது சிம்பிள் தான். ஒரு 2 மைக்ரோமோலார் புரோட்டீன், 5X சைப்ரோ ஆரஞ்ச் டை, கியூபிசிஆர் மெஷின்ல 25 டிகிரிலேர்ந்து 95 வரைக்கும் மெதுவா சூடு ஏத்தறோம், மடிப்பு பிரிய பிரிய உள்ள இருந்த தண்ணி ஒட்டாத பகுதி வெளிய வருது, டை அங்க போய் ஒட்டி ஒளிருது, அந்த ஏத்தத்தோட நடுப்புள்ளி Tm. கஷ்டம் எல்லாம் அதுக்கு அப்புறம் தான், ஏன்னா அந்த நம்பர் எதனால நகர்ந்துச்சுன்னு மெஷின் சொல்லாது.

நான் அதிகமா பாக்குற தப்பு லிகண்டோட சேர்ந்து வேற ஒண்ணும் பிளேட்டோட கிணத்துக்குள்ள, அதாவது மிக்ஸ் ஊத்துற குழிக்குள்ள, போறது. ஏடிபிய எடுத்துக்கோங்க. டைசோடியம் உப்ப தண்ணில கரைச்சு 100 மில்லிமோலார் ஸ்டாக் பண்ணா அது நல்லா புளிச்ச அமிலம், பிஹெச் 3 பக்கம் நிக்கும். அத நியூட்ரலைஸ் பண்ணாம 20 மில்லிமோலார் ஹெபிஸ் 7.5ல 5 மில்லிமோலார் வர்ற மாதிரி போட்டீங்கன்னா, பஃபரால தாங்க முடியாது, கணக்கு போட்டா பிஹெச் 6.6 கிட்ட வந்து நிக்கும். இப்ப கைனேஸோட Tm கீழ இறங்குச்சுன்னா ஏடிபி அத கெடுக்குதுன்னு எழுதிடுவோம், இல்ல ஒட்டினதால ஏறின டிகிரியும் பிஹெச்சால இறங்கின டிகிரியும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போய் நிஜமா ஒட்டுற லிகண்ட "ஷிஃப்ட் இல்ல"ன்னு தூக்கி போட்டுடுவோம், இது ரெண்டாவது தான் இன்னும் மோசம். அதனால ஸ்டாக்க முதல்லயே சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7.5க்கு கொண்டு வாங்க, அதே மிக்ஸ 5 எம்எல் தனியா பண்ணி மீட்டர் வெச்சு பாத்துடுங்க. டிஎம்எஸ்ஓல கரைச்ச லிகண்ட்னா லிகண்ட் இல்லாத கிணத்துலயும் அதே சதவீதம் டிஎம்எஸ்ஓ இருக்கணும், வெறும் பஃபரோட கம்பேர் பண்ணக்கூடாது.

பஃபர் ஸ்கிரீன்லயும் இதே கதை வேற ரூபத்துல வரும். டிரிஸ் 8.0, பாஸ்பேட் 8.0, ரெண்டும் ஒரே பிஹெச்னு நெனச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாஸ்பேட்ல 3 டிகிரி கூட வருது, பாஸ்பேட் நல்லதுன்னு முடிவு எடுப்பாங்க. ஆனா டிரிஸோட பிஹெச் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 இறங்கும். 25ல 8.0 வெச்சது, புரோட்டீன் உருகுற 55 டிகிரிக்கு போறப்ப 30 பெருக்கல் 0.028, அதாவது 0.84 கொறஞ்சு 7.2 கிட்ட இருக்கும், பாஸ்பேட் ஏறக்குறைய அசையாது. அப்ப நீங்க கம்பேர் பண்ணது 7.2க்கும் 7.9க்கும் நடுவுல, பஃபர் வகைய இல்ல. பாஸ்பேட்டையே 7.2லயும் 8.0லயும் ரெண்டு கிணறு ஓட்டிப் பாருங்க, பிஹெச்சா பாஸ்பேட்டான்னு அதுல தெரிஞ்சுடும்.

அடுத்தது ஷிஃப்ட்டோட சைஸ வெச்சு ஒட்டுற பலத்த சொல்றது. 6 டிகிரி தர்ற லிகண்ட் 3 டிகிரி தர்றத விட ரெண்டு மடங்கு இறுக்கம்னு அர்த்தம் இல்லவே இல்ல. லிகண்ட் செறிவ கூட்டினாலே, புரோட்டீன் எல்லாம் நிறைஞ்ச பிறகும், Tm ஏறிட்டே போகும், அதுவும் இல்லாம புரோட்டீன் விரிய எவ்வளவு வெப்பம் எடுக்குதுங்கறதும் சேர்ந்து தான் அந்த நம்பர் வருது. ஒரே புரோட்டீன், ஒரே செறிவு, ஒரே மாதிரி மூலக்கூறுகள்னா ரேங்க் போட ஓரளவு உதவும், வேற வேற புரோட்டீன் நடுவுல ஒப்பிடவே கூடாது. கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 2ம் அசெட்டசோலமைடும் பாருங்க, அது ஒட்டுறது நானோமோலார் அளவுல, நம்ம கிணத்துல புரோட்டீனோ 2 மைக்ரோமோலார். லிகண்ட் 1 மைக்ரோமோலார் போட்டா பாதி புரோட்டீன் ஒட்டினது, பாதி வெறுமனே இருக்கறது, கர்வ் அகண்டு போகும் இல்ல ரெண்டு மேடா பிரியும், சாஃப்ட்வேர் அதுல ஒண்ண எடுத்து Tmனு குடுத்துடும். லிகண்ட் புரோட்டீன விட தாராளமா கூட இருக்கணும், செறிவு வரிசையாவும் ஓட்டணும்.

இத எல்லாம் கண்டுபிடிக்கணும்னா சாஃப்ட்வேர் குடுக்குற டேபிள மட்டும் பாக்காம மூல கர்வ தொறந்து பாருங்க. தட்டையா இருக்குற கர்வுக்கும் டெரிவேட்டிவ்ல ஒரு சின்ன முனை கெடைக்கும், அதுக்கும் ஒரு நம்பர் வரும். 25 டிகிரிலயே ஒளி உச்சத்துல இருந்து இறங்கிட்டே வருதுன்னா புரோட்டீன் ஏற்கனவே விரிஞ்சிருக்கும், இல்ல பஃபர்ல டிடர்ஜென்ட் இருக்கும், அதோட மைசெல்லுக்குள்ளயே டை போய் ஒட்டிக்கும். உச்சத்துக்கு அப்புறம் ஒளி இறங்கறது புரோட்டீன் திரள்றதால வர்றது, ஃபிட் பண்றப்ப அந்த பகுதிய வெட்டிடுங்க, இல்லன்னா நடுப்புள்ளி தப்பான இடத்துக்கு போகும். புரோட்டீன் இல்லாம லிகண்டும் டையும் மட்டும் போட்ட கிணறு ஒண்ணும் கட்டாயம் வேணும், லிகண்டே ஒளிருதா, டையோட ஒளிய அடக்குதான்னு அதுல தான் பாக்க முடியும்.