சாபப் பொருள் கதைகளைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதை ஏதாவது ஒரு வடிவத்தில் கிடைக்கும். கோயில் விளக்கையோ நகையையோ நிலத்தையோ எவனோ எடுத்து அனுபவித்தான், அவன் குடும்பம் விளங்காமல் போனது. "சிவன் சொத்து குல நாசம்" என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்போது இந்தக் கதைகளைத் தொகுக்கிறவர்களும் வீடியோவில் சொல்கிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள், அது நல்லதுதான். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதில் கதை சொல்லவந்த விஷயமே காணாமல் போய்விடுகிறது.

முதல் தவறு, பொருளையே பேயாக்கிவிடுவது. பேய்ப்படத்தில் வரும் பொம்மை மாதிரி விளக்கைக் காட்டுகிறார்கள், அது தானாக எரிகிறது, அணைகிறது, யார் தொட்டாலும் சாகிறார்கள். நம் பக்கத்துக் கதையில் அப்படி இல்லை. அந்த விளக்கு சன்னதியில் இருக்கும்வரை மங்கலமான பொருள். அதே விளக்கு ஒருவன் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் வினை தொடங்குகிறது. புதையல் கதைகளையும் பாருங்கள். பூதம் காக்கிறது, தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கிறது என்பார்கள், ஆனால் குடத்தில் இருக்கும் பொன்னுக்கு எந்தத் தோஷமும் சொல்லமாட்டார்கள். யாரோ வைத்தது, காவல் போட்டு வைத்தது, அதுதான் விஷயம். அதனால் இப்படி ஒரு கதை கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பொருள் இதற்கு முன்னால் எங்கே, யாருடையதாக இருந்தது என்பதைத்தான்.

இரண்டாவது தவறு, எச்சரிக்கையை விட்டுவிடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் இந்த எச்சரிக்கை கல்லிலேயே இருக்கிறது.

சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிய ஏற்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு வரும். அந்த ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள், அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையக்கூடாது, அதனால்தான் பல கல்வெட்டுகளில் இவை "சாவா மூவாப் பேராடு". சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும். சரி, கொடுத்தவர் செத்துப்போவார், இடையரும் செத்துப்போவார், நூறு வருஷம் கழித்து யாராவது ஆட்டை விற்றுத் தின்றால் யார் போய்க் கேட்பது? அந்தக் கவலைக்குத்தான் இதுபோன்ற பல கல்வெட்டுகளின் கடைசியில் சில வரிகள் வருகின்றன. இந்தத் தர்மத்தைக் காத்தவர்களின் பாதம் என் தலைமேல் என்று ஒரு பக்கம். அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான், இல்லையென்றால் கங்கைக்கும் குமரிக்கும் நடுவே எல்லாரும் செய்த பாவத்தையும் அவனே கொள்வான் என்று இன்னொரு பக்கம்.

இது ஊரே பார்க்கும் சுவரில் வெட்டிய அறிவிப்பு. வாய்மொழிக் கதையிலும் இதே வேலையைச் செய்ய ஒருவர் இருப்பார். பூசாரி தடுப்பார், இல்லை வீட்டுக் கிழவி "வேண்டாம்டா தம்பி" என்பாள், இல்லை சாமியே கனவில் வந்து கேட்கும். தெரியாமல் எடுத்தவன் கனவோடு தப்பித்துவிடுவான், கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். மாட்டுகிறவன் தெரிந்தே வைத்துக்கொண்டவன். "சீக்கிரம் பயமுறுத்தும் இடத்துக்குப் போவோம்" என்று அந்தக் கிழவியை வெட்டிவிட்டால், மிச்சமிருப்பது காரணமில்லாமல் அடிக்கும் ஒரு சாமி.

அப்புறம் வம்சத்தைப் பற்றிய தவறு, இதுதான் எனக்கு மனசு பொறுக்காத ஒன்று. சாபம் ஏன் பேரன்மேல் விழுகிறது? ஆடும் நிலமும் அப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறிக்கொண்டே போகும் சொத்து. தாத்தா அமுக்கிய நிலத்தின் நெல்லைத்தான் பேரனும் தின்கிறான். அதனால் கதை செய்கையில் தொடங்கி விளைவுக்குப் போகிறது. ஊர் வாய் இதைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. ஒரு வீட்டில் பிள்ளை இல்லை, ஒரு பையனுக்குப் புத்தி சரியில்லை, உடனே "இவர்கள் வீட்டில் ஏதோ கோயில் பொருள் இருந்திருக்கும்" என்று காரணம் தேடுகிறார்கள். கதையில் அப்படி ஒரு வழியே கிடையாது. துன்பப்படுகிறவரைப் பார்த்துத் திருடன் பட்டம் கட்ட அந்தக் கதைகள் உண்டாகவில்லை, தயவுசெய்து யார் வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

துயரத்தோடு வரும் எல்லாப் பொருளையும் சாபப் பொருள் என்பதும் தவறு. பூம்புகாரைப் பற்றிப் பேசினாலே "கண்ணகியின் சபிக்கப்பட்ட சிலம்பு" என்று தலைப்பு போடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் சிலம்பின்மேல் எந்தச் சாபமும் இல்லை. மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்வது வேறு. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் அரசனிடம் வேலை பார்த்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், சங்கமன் மனைவி நீலி 14 நாள் அழுது திரிந்து, எங்களுக்குத் துன்பம் செய்தவர்களும் இதையே அனுபவிக்கட்டும் என்று சபித்துவிட்டு மலையிலிருந்து விழுந்தாள். சாபம் விழுந்தது பொய்க் குற்றச்சாட்டு சொன்னவன்மேல். அது திரும்பி வருவதும் பொய்க் குற்றச்சாட்டாகவேதான். சிலம்பு அங்கே சாட்சி. உடைத்ததும் உள்ளே மாணிக்கம் தெறிக்கிறது, உண்மை வெளியே வருகிறது.

முடிவிலும் கவனம் வேண்டும். விற்றுவிட்டான், ஆற்றில் எறிந்தான், சாபம் தீர்ந்தது என்று முடித்தால் அது பழைய வடிவம் இல்லை. பறித்தது திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் இழந்தவருக்கு உரிய மரியாதையாவது போய்ச்சேர வேண்டும். காவிரியின் மேல்பக்கத்தில் சொல்லப்படும் அலமேலம்மா கதை இதற்கு நல்ல உதாரணம். ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூர் ராஜ உடையார் கைக்குப் போன பிறகு அதுவரை அங்கே ஆண்ட விஜயநகரப் பிரதிநிதியின் மனைவியான அவளுடைய நகைகளைக் கேட்டு ஆள் வருகிறார்கள். முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற நகைகளோடு காவிரியில் குதிக்கிறாள், தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்தபடி. அரண்மனை பிறகு செய்தது, அவளுக்கே உருவம் செய்து வழிபட்டது. தலக்காட்டு மணல்மேட்டுக்கு ஆறும் காற்றும் காரணம் என்பது இன்று தெரியும், ஆனால் கதை கேட்கும் கேள்வி மணலைப் பற்றியது இல்லை.

கடைசியாக, நிஜமான சிலைத் திருட்டில் சாபத்தைக் கலக்காதீர்கள். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த நடராசர் விற்கப்பட்டு லண்டன் போனார். வழக்கு நடந்தது, இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலே ஒரு வழக்காளியாக ஏற்கப்பட்டது, 1991-ல் மேல்முறையீட்டிலும் கோயில் பக்கம் தீர்ப்பாகிச் சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. வாங்கியவருக்கு என்ன ஆனது என்று கதை கட்ட வேண்டியதில்லை. கோயில்தான் உரிமையாளர் என்று எப்படி நிரூபித்தார்கள், மண்ணில் கிடைத்த சிலை அந்தக் கோயிலுடையதுதான் என்பதற்கு என்னென்ன சான்று காட்டினார்கள் என்பதைச் சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு அதுவே போதும்.