பரதநாட்டியம் மல்டி கேமரா ஷூட்: கால் தெரியணும், தீர்மானம் உடையக்கூடாது

மூணு கேமரா இருக்கேன்னு மூணுலயும் க்ளோஸ் போய்ட்டு, எடிட் டேபிள்ல உக்காந்ததும் கால் தெரியுற ஷாட்டே இல்லன்னு தேடுறவங்க நிறைய பேரு. நடு கேமராவ ஃபுல் பாடிக்குன்னே ஒதுக்கிடுங்க, யாரு கேட்டாலும் அத ஜூம் பண்ண விடாதீங்க. ஃப்ரேம் செட் பண்றப்ப ஆடுறவங்கள சும்மா நிக்க வச்சு பாக்குறதுதான் முதல் தப்பு. ரிகர்சல்லயே கைய முழுசா மேல தூக்க சொல்லுங்க, ரெண்டு பக்கமும் நீட்ட சொல்லுங்க, ஒரு தடவ குதிக்க சொல்லுங்க, அதுக்கு எவ்ளோ இடம் வேணுமோ அதுதான் உங்க ஃப்ரேம். பாதத்துக்கு கீழயும் கொஞ்சம் தரை தெரியணும், இல்லன்னா கால் தட்டு எங்க விழுதுன்னே புரியாது. சைடு கேமராவ ரொம்ப ஓரத்துக்கு தள்ளுனா பாதி உக்காந்த நிலையான அரைமண்டில முட்டி ரெண்டு பக்கமும் விரியுற அழகு போயிடும், நல்லா உக்காந்து ஆடுறவங்க கூட நின்னு ஆடுற மாதிரி தெரியும்.

அடுத்தது கட். தாளத்துக்கு கட் பண்றேன்னு ஒவ்வொரு அடிக்கும் வெட்டுறாங்க, எனக்கு இத பாத்தாலே வருத்தமா இருக்கும், ஏன்னா ஆட்டம் அடி அடியா இல்ல, கோர்வையா இருக்கு. தீர்மானம்னா ஒரு கோர்வைய முடிச்சு வைக்கிற தாளக்கட்டு. அது ததிங்கிணதொம்ங்கிற சொல்லு மூணு தடவ வந்து முடியுதுன்னு வைங்க. மூணும் ஒரே ஷாட்ல, முழு உடம்போட போகணும், ஏன்னா மூணாவது எங்க போய் விழப்போகுதுன்னு பாக்குறவன் மனசுல எண்ணிட்டே வர்றான், நடுவுல ஆங்கிள் மாறுனா அந்த எண்ணிக்கை அறுந்துடும். கடைசி தொம்லயே கட் பண்றதும் தப்புதான், கால் இறங்குறது ஒரு ஷாட்லயும் நிக்கிறது இன்னொரு ஷாட்லயும் போயிடும். கால் விழட்டும், அந்த நிலை ஒரு நொடி நிக்கட்டும், அப்புறம் அவங்க பின்னாடி போக முதல் அடி எடுக்குறாங்க பாருங்க, அங்க மாத்துங்க. அசைவு தொடங்குற இடத்துல வர்ற கட் கண்ணுக்கே தெரியாது. சாகித்யம், அதாவது பாட்டு வரி ஆரம்பிச்சு அபிநயம் வந்ததும் தாராளமா க்ளோஸ் போங்க, ஆனா இடுப்புக்கு மேலன்னு வைங்க, முகத்த மட்டும் காட்டுனா முத்திரை வெளிய போயிடும்.

படத்தையும் சத்தத்தையும் பொருத்துற சிங்க்ல ஒரு விஷயம் பல பேருக்கு தெரியறதில்ல. சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், அதனால 20 மீட்டர் தள்ளி இருக்குற கேமராவோட மைக்குக்கு சலங்கை சத்தம் கிட்டத்தட்ட 58 மில்லிசெகண்ட் லேட்டா வரும், 25 ஃப்ரேம்ல எடுத்தா ஒன்றரை ஃப்ரேம். அந்த ஆடியோவ மிக்ஸர் ஆடியோவோட அலைவடிவம் பாத்து ஒட்டுனீங்கன்னா படம் முந்திடும், கால் தட்டுன பிறகுதான் சத்தம் கேக்கும். ஆடியோ சரியா பொருந்திருச்சேன்னு விட்டுடாதீங்க, ஒரு பலமான தட்ட ஃப்ரேம் ஃப்ரேமா நகத்தி பாத்து அந்த கிளிப்ப ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் லேட்டா வர்ற மாதிரி தள்ளுங்க, அப்புறம் கட்டுக்கு போங்க.