எதிரி பார்த்துவிட்டால் பதுங்காதீர்கள், சுற்றி வாருங்கள்

மறைந்து விளையாடும் கேம்களில் எதிரி உங்களைப் பார்த்துவிட்டால், ஒளிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பெட்டிக்குப் பின்னால் போனதும் குனிந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, அவன் முதுகுப் பக்கம் வந்துவிடுங்கள்.

பெரும்பாலான கேம்களில், நீங்கள் பார்வையிலிருந்து மறைந்ததும் எதிரியிடம் மிஞ்சுவது உங்களைக் கடைசியாகப் பார்த்த இடம் மட்டும்தான். நேராக அங்கே வருவான், அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களைத் துழாவுவான், நேரம் முடிந்ததும் “யாரும் இல்லை போல” என்று முணுமுணுத்துவிட்டு ரோந்துக்குத் திரும்புவான். அவனைப் புத்திசாலியாகக் காட்டுவது இந்த வசனம்தான். தேடல் முடிந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்வதும் அதுவே, காதைத் தீட்டி வையுங்கள்.

ஓடினால் காரியம் கெடும். காலடிச் சத்தம் கேட்ட இடம் அவனுக்குப் புதிய இலக்காகிவிடும். அப்புறம், 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ மாதிரி கேம்களில் இதை நம்ப முடியாது. அதில் பின்னணியில் இயங்கும் இன்னொரு நிரல், நீங்கள் இருக்கும் பகுதியை ஏலியனுக்கு அவ்வப்போது துப்புக் கொடுத்துவிடும்.