இருவர் உறவுக்கும் ஒரு ஜாதகம்

மேற்கத்திய ஜோதிடத்தில் காம்போசிட் சார்ட் என்பது நம்மூர் பொருத்தம் மாதிரி இல்லை, இருவரின் கிரகங்களுக்கும் நடுப்புள்ளி கண்டு, அந்த உறவையே தனி ஆளாகப் பார்ப்பது. ஒருவர் சூரியன் மேஷம் 10 பாகை, மற்றவருக்கு மிதுனம் 20 என்றால் நடுவே ரிஷபம் 15. இருவருமே ரிஷபம் இல்லை, ஆனாலும் சேர்ந்தால் வீடு, சேமிப்பு, நிதானம் என்றுதான் இந்த உறவு போகும் என்பார்கள். நடுப்புள்ளிச் சந்திரன் கன்னி 15-இல் விழுந்தால் அந்தச் சூரியனுக்கு 120 பாகை, அன்றாட அனுசரணை இதன் பலம். சனி சிம்மம் 15 என்றால் 90 பாகை, அதாவது யார் சொல்வது நடக்க வேண்டும் என்பதில்தான் அடிக்கடி இறுக்கம் வரும், முதலில் அதைப் பேசுங்கள்.

அப்புறம், கையால் போடும்போது எப்போதும் குறுகிய பக்கத்து நடுப்புள்ளியையே எடுங்கள். மீனம் 20-க்கும் ரிஷபம் 0-க்கும் நடு மேஷம் 10, ஆனால் மேஷம் 0-இலிருந்து எண்ணி வரும் 350-ஐயும் 30-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் துலாம் 10 வந்து நிற்கும். புதன் சூரியனை விட்டு அதிகம் விலகாது, அதனால் நேரெதிரே வந்தால் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்.