பேச்சை விழுங்காத பின்னணி இசை: ஒரு நெசவாளர் படத்தை வைத்துப் பார்ப்போம்

சென்னிமலையில் போர்வை நெய்யும் ஒரு பெரியவரைப் பற்றி 6 நிமிட ஆவணப்படம் எடுத்தேன். அதில் 40 விநாடி வரும் ஒரு பேச்சுக்கு இசை சேர்த்த விதத்தை இங்கே சொல்கிறேன். உங்கள் படத்தில் வேறு ஆள், வேறு தொழில் இருக்கலாம். செய்யும் வரிசை இதுதான்.

1. சொன்ன விதத்தைக் கேளுங்கள்

பேச்சை முழுதாக வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் இசை தேட வேண்டும். முடித்ததும் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

பெரியவர் சொல்வது இது: "பையன் தறியில உக்கார மாட்டேன்னுட்டானுங்க. நானும் விட்டுட்டனுங்க." எழுத்தில் படித்தால் சோகம். நானும் முதலில் அழுகிற வயலின் ஒன்றை வைத்தேன். போட்டுப் பார்த்தால், அவர் பரிதாபத்துக்குரிய ஆளாகிவிட்டார். உண்மையில் அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சொல்லிவிட்டு 4 விநாடி சும்மா இருக்கிறார், அப்புறம் மறுபடி தறியில் நூலைக் கொண்டு ஓடும் நாடாவை ஓட்டுகிறார். அந்தச் சிரிப்பையும் மௌனத்தையும் சேர்த்துக் கேட்டபோது எனக்குத் தோன்றிய சொல் 'அமைதி'. அந்த ஒரு சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் இசை தேடினேன். சொன்ன செய்தியைவிட, சொன்ன விதத்துக்குத்தான் இசை பொருந்த வேண்டும்.

2. காட்சியில் ஏற்கெனவே ஓடும் தாளத்தை எண்ணுங்கள்

தறிச் சத்தத்தை 15 விநாடி எண்ணினேன். 18 அடி விழுந்தது. நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 72. அப்படியானால் 72 வேகத்தில் தபேலா உள்ள இசையைப் போட்டால் சரியாக இருக்கும் என்று தோன்றும். செய்து பாருங்கள், சில விநாடிகளில் உறுத்தும். மனிதக் கை ஓட்டும் தறி கடிகாரம்போல ஓடாது. ஒரு அடி முந்தும், ஒன்று பிந்தும். தபேலாவும் தறியும் மாறி மாறி இடிக்கும்போது காது அந்தக் குழப்பத்தின் பின்னால் போய்விடும், பேச்சை விட்டுவிடும்.

அதனால் தாளக்கருவியே இல்லாத, நீண்டு ஒலிக்கும் சுரங்கள் உள்ள இசையை எடுத்தேன். அடியில் தம்பூரா, அதன் மேல் சில விநாடிக்கு ஒருமுறை வீணையின் கீழ்த்தந்தியில் ஒரு மீட்டு, அவ்வளவுதான். தாளத்தைத் தறியே பார்த்துக்கொண்டது. காட்சியில் இப்படி ஒரு சத்தம் இல்லை என்றால், பேச்சுக்கு அடியில் 60 முதல் 80 வரையான வேகத்தில் தொடங்கிப் பாருங்கள். ஆனால் வேகம் குறைந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். 60 வேகத்திலும் சுரங்களை அள்ளிக் கொட்டும் இசை உண்டு, அது பேச்சைக் கெடுக்கும். குரல் கலந்த இசை, வெறும் முனகலாக இருந்தாலும், வேண்டாம். புல்லாங்குழல், வயலின் தனி மெட்டுகளையும் பேச்சில்லாத இடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

3. அளவும் இடமும்

பேச்சின் உச்சங்கள் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பேசும்போது இசை அதைவிட 15 முதல் 18 டெசிபல் கீழே இருக்கலாம். இது தொடக்கப் புள்ளிதான், முடிவைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு குறைத்தும் பேச்சு மங்கினால் இன்னும் குறைக்காதீர்கள். இசைத் தடத்தில், ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் EQ-வைத் திறந்து, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை அகலமாக ஒரு 4 டெசிபல் பள்ளம் வெட்டுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை இசை மூடிவிட்டால் 'தறி'யும் 'பறி'யும் 'கறி'யும் ஒன்றுபோலக் கேட்கும். பள்ளம் வெட்டியதும் இசை அதே அளவில் இருக்க, சொல் மட்டும் மேலே வரும்.

பேச்சு தொடங்குவதற்கு அரை விநாடி முன்பே இசை இறங்கி முடிந்திருக்க வேண்டும். இறங்க ஒரு விநாடி கொடுங்கள். பேசுகிறவர் மூச்சு விடும் சின்ன இடைவெளிகளில் இசையை ஏற்றி இறக்க வேண்டாம், அலை அடிப்பதுபோல இருக்கும். 3 விநாடிக்கும் குறைந்த இடைவெளி என்றால் நான் தொடுவதே இல்லை.

4. படத்தைக் கேட்காத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள்

அந்தப் பேச்சை நாம் நூறு முறை கேட்டிருப்போம். பாதி சொல் மறைந்தாலும் மனது நிரப்பிக்கொள்ளும். அதனால் இந்த இடத்தில் நம் காதை நம்ப முடியாது. கைப்பேசி ஸ்பீக்கரில், மின்விசிறி ஓடும் அறையில், படத்தைக் கேட்காத ஒருவருக்குப் போட்டுவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். என் அத்தை "பையன் எதுல உக்கார மாட்டேன்னானாம்?" என்று கேட்டார். 'தறியில' என்ற சொல் மேலேயே வீணை மீட்டு விழுந்திருந்தது. இசைத் துண்டை முக்கால் விநாடி பின்னால் தள்ளினேன்.

அந்த 4 விநாடி மௌனம் மட்டும் பாக்கி. முதலில் வீணையை அங்கே ஏற்றியிருந்தேன். கடைசியில் தம்பூராவையும் சேர்த்து எடுத்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது அறையின் சத்தமும், அவர் கை நாடாக் கயிற்றைத் தேடும் சரசரப்பும்தான். தறி மூன்று முறை அடித்த பிறகுதான் தம்பூரா திரும்ப வருகிறது.